மாதம் 3,400 ரூபாய்க்கு வண்டி: டெலிவரி ஓட்டுபவர் போட வேண்டிய கணக்கு

கேள்வி: கோவையில் உணவு டெலிவரி செய்கிறேன். வாரம் 6,000 ரூபாய் வருகிறது. அதில் 1,000 இன்சென்டிவ். ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டர் ஓடும். வீட்டுக்கு மாதம் 9,000 கொடுத்தே ஆக வேண்டும். மாமாவின் பழைய வண்டியில் ஓட்டுகிறேன். ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டருக்கு 10,000 முன்பணம், 12 சதவீத வட்டி, 36 மாதம், மாதம் 3,400, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து என்கிறார்கள் ஷோரூமில். எனக்கு சிபில் இல்லாததால் அப்பா பெயரில் எடுக்கச் சொல்கிறார் புரோக்கர். எடுக்கலாமா?

பதில்: வண்டி எடுக்கலாம். இந்த ஸ்கூட்டரை, இந்த லோனில், அப்பா பெயரில் எடுக்க வேண்டாம்.

உங்கள் மாத வருமானத்தை 24,000 என்று எழுதாதீர்கள். இன்சென்டிவ் நிறுவனம் நினைத்தால் நாளைக்கே மாறும். தவணை 36 மாதத்துக்கு மாறாது. அதனால் வாரம் 5,000, மாதத்துக்கு நான்கு வாரம், ஆக 20,000 என்றே வைப்போம். மாதத்தில் மிஞ்சும் இரண்டு மூன்று நாள் வருமானம் உடம்பு சரியில்லாத நாளுக்குப் போய்விடும்.

இனி செலவு. 26 நாள், நாளுக்கு 110 கிலோமீட்டர் என்றால் மாதம் 2,860 கிலோமீட்டர். சிக்னலில் நின்று நின்று போகும் ஸ்கூட்டர், விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் நல்லது. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் மாதம் 6,500. இந்த ஓட்டத்துக்கு ஏறக்குறைய மாதம் ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டிவரும். அதோடு டயர், பிரேக் ஷூ எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,500 ஒதுக்குங்கள். போன் ரீசார்ஜுக்கு 300, அடுத்த ஆண்டு இன்சூரன்ஸ் புதுப்பிக்க மாதம் 250. மொத்தம் 8,550. மீதி 11,450. அதில் 3,400 தவணை போனால் கையில் 8,050. வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய 9,000-க்கே 950 குறைகிறது.

உங்களை அதிகம் தின்பது தவணை அல்ல, பெட்ரோல்தான். அது தவணையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. லோன் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்குப் பெட்ரோலில் கமிஷன் இல்லை. இதே ஓட்டத்தை லிட்டருக்கு 60 கொடுக்கும் 100 சிசி பைக்கில் ஓடினால் பெட்ரோல் 4,900-க்குள் அடங்கும். மாதம் 1,600 மிச்சம், அதாவது பாதித் தவணை. பை வைக்க ஸ்கூட்டர்தான் வசதி என்பது உண்மை. அந்த வசதிக்கு மாதம் 1,600 கொடுக்கத் தயாரா என்பதுதான் கேள்வி. மின் ஸ்கூட்டர் யோசனை இருந்தால் முதலில் தொழிலாளர் நலவாரியத்தில் இணையவழிச் சேவைத் தொழிலாளராகப் பதிந்துகொள்ளுங்கள். பதிந்தவர்களில் 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. எத்தனை லட்சம் பேர் ஓட்டுகிறார்கள், எத்தனை பேருக்கு மானியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிடைத்தால் லாபம், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது அந்த 12 சதவீதம். 90,000-க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 10,800. மூன்று ஆண்டுக்கு 32,400. அசலோடு கூட்டி 36-ஆல் வகுத்தால் சரியாக 3,400 வருகிறது. இதுதான் பிளாட் வட்டி. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டுகிறீர்கள், ஆனால் கடைசி மாதம் வரை முழு 90,000-க்கும் வட்டி வாங்குகிறார்கள். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது 12 அல்ல, ஏறக்குறைய 21 சதவீதம். ஒரு வங்கி 14 சதவீதம் என்று சொல்லி, குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால், அதே 90,000-க்கு அதே 36 மாதத்தில் தவணை 3,076-தான். 14 பெரிது, 12 சிறிது என்று நினைத்து ஷோரூமிலேயே கையெழுத்துப் போடுபவர் சுமார் 11,600 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார்.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிய வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல், கடன் கொடுப்பவர் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 'கே.எஃப்.எஸ்.' என்று கேளுங்கள். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருடாந்திர விகிதம் அதில் இருக்கும், 'ஏ.பி.ஆர்.' என்ற வரியைப் பாருங்கள். அந்தத் தாள் உங்களுக்குப் புரிந்த மொழியில் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேலை நாள் செல்லுபடியாக வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் காட்டத்தான் அந்த மூன்று நாள். நடப்பில் என்ன ஆகிறது? ஏஜென்ட் தன் போனில் விண்ணப்பத்தைத் திறந்து, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்கிறார். சொன்னதும் தாளைப் படித்து ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடுகிறது. விதி போட்டவர்கள் அந்த ஓடிபி யார் கையில் டைப் ஆகிறது என்று ஒருமுறை ஷோரூமில் வந்து நின்று பார்த்திருக்கலாம். தாள் கைக்கு வரும் வரை ஓடிபி சொல்லாதீர்கள்.

அந்தத் தாளிலேயே 'இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து' என்பதற்குள் என்ன இருக்கிறது என்றும் தெரியும். வண்டி இன்சூரன்ஸோடு கடன் பாதுகாப்பு ஆயுள் காப்பீடு, சாலை உதவி அட்டை, நீட்டித்த வாரண்டி என்று நீங்கள் கேட்காதவை லோனில் ஏறியிருக்கும்; அதற்கும் வட்டி ஓடும். வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'ஃபைல் சார்ஜ்' என்று புரோக்கர் ரொக்கமாகக் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு மாறிவிடும்.

இப்போது அப்பா பெயர். இதில்தான் எனக்குக் கவலை அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டித்தே சொல்கிறேன். பாலிசியில் 'உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு' என்று 15 லட்ச ரூபாய்க்கு ஒரு வரி இருக்கும். மூன்று நிபந்தனையும் சேர்ந்தால்தான் அது பணம் தரும்: ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ, பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ, லைசென்ஸோடு ஓட்டியவர் யாரோ, மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஆர்.சி. அப்பா பெயரில், ஓட்டுவது நீங்கள் என்றால், நீங்கள் தினமும் 110 கிலோமீட்டர் ஓடினாலும் அந்த 15 லட்சம் உங்களுக்கு இல்லை. மழையில் நீங்களே சறுக்கி விழுந்து ஏதாவது ஆகிவிட்டால், 'மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறதே' என்று அந்தப் பக்கமும் போக முடியாது. உரிமையாளரின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், மூன்றாம் நபர் அல்ல என்பது உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னொரு வண்டி வந்து மோதினால் அந்த வண்டியின் காப்பீட்டில் கேட்கலாம். தனியாக விழுந்தால் வழியில்லை. தவணை மட்டும் அப்பா பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்.

சிபில் இல்லை என்பதற்குத் தீர்வு பெயரை மாற்றுவது அல்ல. ஆர்.சி.யும் லோனும் உங்கள் பெயரில் இருக்கட்டும். அப்பாவை இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ போடச் சொல்லுங்கள். ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டில் நிறுவனத்திலிருந்து வாராவாரம் பணம் ஏறியது தெரிந்தால் அதுவே வருமானச் சான்று. "ஆகாது" என்று சொன்னால் அடுத்த வங்கிக்குப் போங்கள். அப்பா பெயரில்தான் எடுத்தாக வேண்டிய நிலை வந்தால், உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்து, தொழில் என்ற இடத்தில் டெலிவரி என்றே எழுதுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தையும் வங்கியில் போட்டு வையுங்கள். நிறுவனம் தரும் காப்பீடு பெரும்பாலும் ஆர்டர் ஓடும் நேரத்தோடு கட்டப்பட்டது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பெயர் சரியாக இருந்தாலும் இன்னொரு ஓட்டை உண்டு. புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உங்கள் வண்டி அடிபட்டால் தரும் சொந்தச் சேதக் காப்பீடு ஓராண்டு மட்டும். சாதாரண பாலிசியில், வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ ஓட்டினால் பொருந்தாது என்று அச்சடித்திருக்கும். உணவுப் பையும் சரக்குதான். "அதெல்லாம் சொல்லாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்" என்பார் ஏஜென்ட். ஏறட்டும். விபத்து நேரத்தில் நீங்கள் ஆர்டரில் இருந்தது ஆப்பிலேயே பதிவாகியிருக்கும், முதல் தகவல் அறிக்கையிலும் எழுதியிருக்கும். க்ளெய்ம் மறுக்க அது போதும். டெலிவரிக்கு ஓட்டுகிறேன், அதற்கு ஏற்ற பாலிசி தாருங்கள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, வரும் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க லட்சக்கணக்கான பேர் சொந்த வண்டியில் டெலிவரி ஓட்டுகிறார்கள், எல்லோருக்கும் தெரியும், விதியைத் தெளிவாக எழுத யாருக்கும் நேரமில்லை. க்ளெய்ம் வரும்போது மட்டும் எல்லோருக்கும் விதி நினைவு வருகிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. மாமா வண்டியில் இன்னும் பதினைந்து வாரம் ஓட்டுங்கள். வாரம் 1,000 இன்சென்டிவைத் தொடாமல் வைத்தால் 15,000 சேரும். கையில் இருப்பதோடு 25,000. ஒரு லட்சத்துக்குள் முடியும் 100 சிசி பைக்குக்கு 75,000 மட்டும் லோன் கேளுங்கள், 14 சதவீதம், குறையும் பாக்கிக்கு வட்டி, 36 மாதம். தவணை 2,563. பெட்ரோல் 4,900 என்று வைத்து மற்றச் செலவையும் கழித்தால் 20,000-இல் 13,050 நிற்கும். தவணை போக ஏறக்குறைய 10,500. வீட்டுக்கு 9,000 கொடுத்து 1,500 மிஞ்சும். டெலிவரிக்கான பாலிசிக்குப் பிரீமியம் கூடினால் அதிலிருந்து போகட்டும். ஆப்பில் உங்கள் ஐடி ஒரு வாரம் பிளாக் ஆகி ஓட்ட முடியாமல் போனால் பெட்ரோல் மிச்சம் போக 3,800 குறையும், இந்த 1,500 அதற்குப் போதாது. அதனால் வண்டி எடுத்த பின்னும் இன்சென்டிவை இரண்டு தவணை அளவு சேரும் வரை தொடாதீர்கள்.

தவணைக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து, வாரச் சம்பளம் ஏறிய அன்றே 650 ரூபாயை அதற்கு மாற்றிவிடுங்கள். தவணைத் தேதிக்கு முந்தைய நாள் 2,563 இருந்தால் போதும். 10 ரூபாய் குறைந்து தவணை திரும்பினாலும் கடன் நிறுவனம் ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம் என்று இரண்டு பக்கமும் எடுப்பார்கள். வெற்றுக் காசோலை, நிரப்பாத ஆர்.டி.ஓ. படிவம் எதிலும் கையெழுத்து வேண்டாம். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றையும் நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் கையோடு வாங்கி, ஆர்.சி.யில் உள்ள அடமானப் பதிவை உடனே நீக்குங்கள். இரண்டு வருடம் கழித்து விற்கப் போகும்போது அதே புரோக்கர்தான் 'நான் முடித்துத் தருகிறேன்' என்று வருவார்.