ஜப்பானிய மெனு கேமரா: 初期化 என்று வந்தால் அழியப்போவது எது? கேள்வி பதில்

ஜப்பானிலிருந்து வரும் பழைய கேமராக்களைச் சுத்தம் செய்து, வாங்கியவருக்கு மெனுவைப் படித்துக் காட்டுவது பல வருடமாக நான் செய்யும் வேலை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

"அக்கா, முன்னாடி வச்சிருந்தவர் செட்டிங்கை எல்லாம் எடுக்கலாம்னு மெனுல カード初期化-ன்னு இருந்ததுல OK கொடுத்தேன். 初期化-க்கு அகராதியில 'ரீசெட்'னு இருந்துச்சு. காதுகுத்து படம் 400-ம் போச்சு. செட்டிங் மட்டும் அப்படியே இருக்கு."

முதலில் கார்டை வெளியே எடுங்கள் தம்பி. இனி அதில் ஒரு படம்கூட எடுக்க வேண்டாம்.

அகராதி தப்புச் சொல்லவில்லை. 初期化, ஷோகிகா, என்றால் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது. எதை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது என்பதை முன்னால் நிற்கும் சொல்தான் சொல்கிறது. カード என்பது கார்டு. கார்டை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனால் அது ஃபார்மட். நீங்கள் தேடியது カメラの初期化, அதாவது கேமராவின் செட்டிங்கைப் பழையபடி ஆக்குவது. கேனான் மெனுவில் இரண்டும் உண்டு. பழைய மாடல்களில் இரண்டாவது カメラ設定初期化 என்று இருக்கும். நிகானிலும் メモリーカードの初期化 ஒன்று, カメラの初期化 ஒன்று.

இன்னொன்றும் உங்கள் கையைத் தள்ளியிருக்கும். கேட்கும் பெட்டியில் キャンセル, அதாவது கேன்சல், என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு பொத்தான், OK என்று நமக்குத் தெரிந்த எழுத்தில் ஒரு பொத்தான். படிக்கத் தெரிந்ததைத்தான் விரல் தேடிப் போகும்.

சாதாரண ஃபார்மட் என்றால், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் பெரும்பாலும் போகிறது. படம் கார்டிலேயே கிடக்கும், அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை. கார்டின் பக்கத்திலுள்ள சின்ன லாக்கைத் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரில் மீட்பு மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள். அந்தப் பெட்டியில் 物理フォーマット என்ற வரிக்கு டிக் போட்டிருந்தால் மட்டும் நம்பிக்கை வைக்க வேண்டாம். அது கார்டு முழுவதையும் துடைத்துவிடும்.

"初期化 என்றால் செட்டிங் ரீசெட்தான். என் சோனியில் மூன்று முறை செய்திருக்கிறேன், கார்டில் ஒரு படம் போகவில்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்."

உங்கள் சோனிக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே 設定リセット என்ற இடத்துக்குள்தான் 初期化 இருக்கிறது, அது செட்டிங்கைத்தான் தொடும். கார்டை அழிப்பதற்கு フォーマット என்று தனிச் சொல் போட்டிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு கேனான்காரருக்கு யோசனை சொன்னால் அவர் படங்கள் போய்விடும். மேலே இருக்கும் தம்பிக்கு நடந்ததே அதுதான்.

"அப்போ எந்த கம்பெனி என்ன சொல் என்று மனப்பாடம் செய்ய வேண்டுமா? அதற்கு கம்ப்யூட்டரிலேயே ஃபார்மட் செய்துகொள்ளலாமே, நான் அப்படித்தான்."

கம்ப்யூட்டரில் செய்தால் வேறு ஃபைல் சிஸ்டம் போட்டுவிட வாய்ப்பு உண்டு, அப்புறம் கேமரா கார்டை ஏற்காது. நான் கேமராவிலேயேதான் செய்வேன். பல வருடமாக கம்ப்யூட்டரில் செய்தும் தொந்தரவு இல்லாதவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் சண்டைக்கு வரவில்லை.

மனப்பாடம் வேண்டாம். வரியின் கடைசி எழுத்தைப் பாருங்கள். か என்று முடிந்தால் அது கேள்வி. நாம் 'செய்யவா', 'சரியா' என்று கடைசியில் ஆ போடுகிற மாதிரி அவர்கள் か போடுவார்கள். フォーマットしますか என்றால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. か வந்தால் விரலை எடுத்துவிட்டு, மேலே カード இருக்கிறதா, 消去 அல்லது 削除 இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் 消去 போடும், சோனியும் நிகானும் 削除 போடும். இரண்டும் அழிப்பதுதான்.

"எக்ஸ்போஷரைக் கூட்டலாம்னு 露出 இருக்கிற வரியில் する வச்சேன். இப்போ ஒரு படத்து மேல இன்னொரு படம் விழுது. சென்சார் போச்சா?"

சென்சாருக்கு ஒன்றுமில்லை. நீங்கள் ஆன் செய்தது 多重露出, ஒன்றின் மேல் ஒன்றாக எக்ஸ்போஸ் செய்வது. 露出 என்ற இரண்டு எழுத்து பல வரிகளில் வரும். உங்களுக்கு வேண்டியது 露出補正, ரோஷுட்சு ஹோசெய். கூடவே பிளஸ் மைனஸ் அளவுகோல் தெரியும். 多重露出-ஐ しない என்று மாற்றுங்கள். தமிழில் 'செய்யாது' என்று வினையின் வாலில் மறுப்பு வருகிற மாதிரி, அங்கே ない வாலில் வருகிறது. する செய்யும், しない செய்யாது.

"அக்கா, லாங்குவேஜை எப்படி மாத்துறது?"

ஸ்பேனர் அடையாளம் உள்ள பக்கத்தில் 言語 என்ற வரி. ஜப்பானில் விற்ற பழைய நிகானில் பெரும்பாலும் ஜப்பானியமும் ஆங்கிலமும் இருக்கும். அங்கே விற்ற சோனியில் பெரும்பாலும் அந்த வரியே இருக்காது.

"ஃபோகஸ் மோடு ஒண்ணும் புரியல. பரதநாட்டியம் எடுத்தேன், முகமெல்லாம் மங்கல். フォーカスモード-ல AFதான் வச்சிருந்தேன்."

AF, MF என்று இரண்டுதான் வந்தது என்றால் உங்களுடையது கேனான். அங்கே フォーカスモード என்பது தானாகவா கையாலா என்பது மட்டும். நகர்கிறவரைத் தொடரச் சொல்லும் இடம் AF動作. அதில் ワンショットAF இருந்தால், பொத்தானைப் பாதி அழுத்திய இடத்திலேயே ஃபோகஸ் நின்றுவிடும். ஆடுகிறவர் ஓரடி முன்னால் வந்தாலே மங்கல்தான். サーボAF-க்கு மாற்றுங்கள். சோனி, நிகான் என்றால் フォーカスモード-க்குள்ளேயே AF-S, AF-C இருக்கும், ஆட்டத்துக்கு AF-C. ஆனால் サーボ என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நிகான் டிஎஸ்எல்ஆர்களில் நின்றுவிடுகிற AF-S-க்கும் シングルAFサーボ என்றுதான் பெயர். நிகானில் எழுத்தைவிட S, C பார்ப்பது நல்லது.

"நானும் ஆட்டம்தான் எடுப்பேன். லென்ஸில் பூஞ்சை வந்திருக்கு, அதுக்கு மெனுவில் ஏதாவது உண்டா?"

மெனுவில் இல்லை. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள்.

"மேடம், இங்கிலீஷுக்கு மாத்த முடியுமா?"

மேலே சொல்லியிருக்கிறேன், படியுங்கள்.

"வேற கேமராவில் இருந்த கார்டைப் போட்டதும் フォーマット என்று ஏதோ கேட்டு か-வில் முடியுது. はい கொடுக்கட்டுமா?"

வேண்டாம். はい ஆமாம், いいえ இல்லை. いいえ கொடுத்து, கார்டை எடுத்து, அதிலுள்ளதை முதலில் கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். படம் பத்திரம் என்று கண்ணால் பார்த்த பிறகு அழியுங்கள். வரி ません என்று முடிந்தால் மட்டும் அது வெறும் தகவல்: カードが入っていません, கார்டு உள்ளே இல்லை.

"இந்த 初期化 எந்த நேரத்தில்…"

முன்னால் カード இருக்கிறதா என்று பாருங்கள். இதை இன்றைக்கு நான்காவது முறையாகச் சொல்கிறேன்.

"அக்கா, காதுகுத்து தம்பிதான். மீட்டுப் பார்த்தேன். 310 வந்துச்சு. கொஞ்சம் பாதி சாம்பல் நிறம். மீதி இல்லவே இல்ல."

ஃபார்மட் செய்த பிறகு ஏதாவது எடுத்தீர்களா?

"ரீசெட் ஆச்சான்னு பார்க்க வீட்டு வாசலை கொஞ்சம் எடுத்தேன். அப்புறம் வீடியோ, ரெண்டு நிமிஷம்."

இரண்டு நிமிட வீடியோ பல படங்களின் இடத்தைத் தின்றுவிடும். சாம்பலாக வந்தவை பாதி இடத்தில் வீடியோ ஏறியவை. மீதி அதன் அடியில் போனவை, அவை இனி வராது. மாமா மடியில் குழந்தை இருக்கிற படம் வந்த 310-ல் இருக்கிறதா பாருங்கள்.

"இருக்கு அக்கா."