கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் பழசானது ஏன்?

கேள்வி: கோவை ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு 😂 அனுப்பினால், "பூமர் மாதிரி இதை அனுப்பாதம்மா" என்கிறாள். அவளோ சிரிப்பு வந்தால் மண்டையோடும் அழுகிற முகமும் அனுப்புகிறாள். போன வாரம் அந்த அழுகை முகத்தைப் பார்த்துப் பதறிப்போய் ஃபோன் போட்டேன். என் சிரிப்பில் என்ன தப்பு?
— ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தப்பு எதுவும் இல்லை. அந்த முகத்தை எல்லோரும் எல்லாவற்றுக்கும் போட்டுப் போட்டு அதன் அழுத்தம் போய்விட்டது, அவ்வளவுதான்.

எல்லா ஃபோனுக்கும் பொதுவான எழுத்து, எமோஜிப் பட்டியலான யூனிகோடில் 2010-ல் சேர்ந்த முகம் அது. ஸ்மார்ட்ஃபோன் கீபோர்டில் எமோஜி வந்த பிறகு வேகமாகப் பரவியது. பிரிட்டனில் 2014-ல் அனுப்பப்பட்ட எமோஜிகளில் நூற்றுக்கு 4 தான் இது. அடுத்த வருடமே 20. அந்த 2015-ல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தில் ஒன்று என்று ஆகிவிட்ட பிறகு அது சிரிப்புக்கான அடையாளமாக மட்டும் எப்படி இருக்கும்? உங்கள் தெருக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். "கரண்ட் போயிடுச்சு 😂", "இன்னிக்கு ரேஷன் கடை இல்ல 😂" என்று வருகிறதல்லவா? அங்கே யாரும் சிரிக்கவில்லை. சொல்வது கடுமையாகப் படக்கூடாதே என்று கடைசியில் ஒட்டுகிறார்கள். இப்படிப் பழகிவிட்டால், நிஜமாகவே வயிறு வலிக்கச் சிரித்தவருக்கு அதைக் காட்ட வேறு குறி வேண்டியிருக்கிறது. இளசுகள் தேடிப் போனது அதைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, அது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கலாம். அம்மா, மாமா, டியூஷன் வாத்தியார் என்று எல்லோரும் வாட்ஸ்அப்புக்கு வந்து அந்த முகத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பெரியவர்கள் கையில் பார்த்த பொருளைப் பிள்ளைகள் தள்ளி வைப்பது துணியில் நடப்பதுதான், இங்கேயும் நடந்தது. 2021 தொடக்கத்தில் இந்தப் பேச்சு உலகம் முழுக்கக் கிளம்பியது. அந்த மார்ச்சில் ட்விட்டர் பதிவுகளை எண்ணிப் பார்த்த எமோஜிபீடியா தளம், 😭 முந்திவிட்டதாகச் சொன்னது. ஆனால் அதே வருடக் கடைசியில் உலகம் முழுக்க அதிகம் பயன்படும் எமோஜிகள் என்று யூனிகோடு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் 😂 தான் முதலிடம், நூற்றுக்கு 5-க்கும் மேல். ஆகவே உங்கள் மகள் சொல்வது அவள் வயதுக்காரர்களின் கணக்கு, ஊர்க் கணக்கு அல்ல. இதை அவளிடம் தாராளமாகச் சொல்லலாம்.

மண்டையோடு எங்கிருந்து வந்தது என்பது எல்லையோரத்தில் இருக்கும் உங்களுக்குச் சட்டென்று புரியும். "சிரிச்சே செத்தேன்" என்று நாம் சொல்வதை, பக்கத்து வீட்டு மலையாளக்காரர் "சிரிச்சு சத்து" என்பார். அதைப் படமாகப் போட்டால் 💀. அழுகை முகமும் அப்படித்தான், சிரிப்பு தாங்காமல் அழுதுவிட்டேன் என்று அர்த்தம்.

பதறாமல் இருக்க ஒரு வழி: முகத்தை மட்டும் பார்க்காதீர்கள், அது எதற்குப் பதிலாக வந்தது என்று பாருங்கள். நீங்கள் கருகிய தோசையைப் படமெடுத்து அனுப்பி, அதற்கு 😭😭😭 வந்தால் அவள் சிரிக்கிறாள். "ஹால் டிக்கெட் இன்னும் வரலம்மா 😭" என்று அவளாக ஆரம்பித்தால் அது புலம்பல். பாதி விளையாட்டு, பாதி நிஜக் கவலை. எந்த முகமும் இல்லாமல் "அம்மா, ஃப்ரீயா இருக்கியா?" என்று வந்தால் உடனே ஃபோன் போடுங்கள்.

எல்லா எமோஜிக்கும் இப்படி ஒரு வயசு ஏறுகிறது. லேசாகச் சிரிக்கும் 🙂 முகத்தை நீங்கள் அன்பாக அனுப்புவீர்கள். அவள் தோழிகள் பலருக்கு அது, கோபத்தை அடக்கிக்கொண்டு சிரிப்பது போலத் தெரியும். கட்டைவிரலும் சிலருக்கு "சரி, பேச்சை முடி" என்று படுகிறது. அம்மாக்கள் கூட்டமாக 💀 அனுப்ப ஆரம்பித்தால் அதையும் பிள்ளைகள் கைவிடுவார்கள்.

அதனால் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டாம். அவளுக்கு 😂 அனுப்பினால் அம்மா சிரிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். புரியவில்லை என்று அவள் சொல்லவில்லையே, பழைய ஃபேஷன் என்றுதானே சொல்கிறாள்? அவளிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி இருக்கும் குடும்பக் குழுவில் 💀 வேண்டாம். மேலே யாரோ துக்கச் செய்தி போட்டிருக்க, கீழே யாரோ சொன்ன ஒரு ஜோக்குக்கு அவள் போட்ட மண்டையோடு அந்தச் செய்திக்குப் பதில் போலத் தெரியும். அப்படியே போட்டே ஆக வேண்டுமென்றால், அந்த ஜோக்கையே அழுத்திப் பிடித்து அதற்கு நேராக ரிப்ளை கொடுக்கட்டும்.