குழந்தையின் கண்ணாடிக்கு எந்த லென்ஸ்?

"என் பையனுக்கு 8 வயது, பவர் மைனஸ் 2. கிளாஸ் லென்ஸில் கீறலே விழாது என்கிறார்கள். அதையே போடலாமா?"

வேண்டாங்க. கிளாஸில் கீறல் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பந்து பட்டு உடைந்தால் கூரான சில்லுகள் கண்ணுக்குள் போகும். சாதா பிளாஸ்டிக் (CR-39) எடை குறைவு, கீறலையும் ஓரளவு தாங்கும். ஆனால் பலமான அடியில் அதுவும் உடையும்.

பாலிகார்பனேட்டே போடுங்கள். அது மென்மையான இன்னொரு வகை பிளாஸ்டிக். அடி பட்டால் நொறுங்காமல் வளைந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். அந்த மென்மையால்தான் சீக்கிரம் கீறலும் விழுகிறது. எனவே இரு பக்கமும் ஹார்ட் கோட்டிங் உண்டா என்று கேளுங்கள், லென்ஸ் வகையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் சட்டை நுனியால் துடைப்பார்கள். தூசியோடு தேய்த்தால் கோட்டிங்கிலும் கோடு விழும். முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கப் பழக்குங்கள். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் லென்ஸே கெட்டுவிடும். லென்ஸின் நடுப்பகுதியில் கீறல் கூடிப் பார்வை மங்கினால் லென்ஸை மட்டும் மாற்றலாம். கிரிக்கெட் பந்து, ஷட்டில் ஆட்டத்துக்கு இதே பாலிகார்பனேட்டில் விளையாட்டுக் கண்ணாடி தனியாக வேண்டும். சாதா ஃபிரேம் அடியைத் தாங்காது.