அட்மிஷன் நம்பர் மாற்றம்: பெற்றோருக்குக் கடிதம்

“அட்மிஷன் நம்பருக்கு முன்னால் ஆண்டு சேர்க்கிறோம் என்று கடிதம் அனுப்பினேன். ‘பிள்ளையைப் புதிதாகச் சேர்த்துவிட்டீர்களா, பழைய டிசி செல்லாதா’ என்று போன் மேல் போன். திருத்தி எப்படி எழுதுவது?”

மேடம், விதியை விளக்காமல் ஒரு குழந்தையின் எண்ணையே காட்டுங்கள். இப்படி:

“உங்கள் மகள் 2021 ஜூனில் 1ஆம் வகுப்பில் சேர்ந்தபோது தந்த எண் 87. இனி அது 2021/0087. முன்னால் இருப்பது அவள் நம் பள்ளியில் சேர்ந்த ஆண்டு. வகுப்பு மாறினாலும் அது மாறாது. ஒவ்வோர் ஆண்டும் 1இலிருந்து எண்ணுவதால் 2024இல் சேர்ந்த தம்பிக்கும் 87 வந்திருக்கிறது. அவன் எண் 2024/0087. பழைய ரசீதுகள் அப்படியே செல்லும். அரசின் கல்வித் தளத்தில் உள்ள எமிஸ் எண் வேறு, அதில் மாற்றமில்லை.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பாதிப் பேர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் பழைய எண்ணை அடிக்காமல், பக்கத்தில் புதியதை எழுதச் சொல்லுங்கள். டிசி எழுதும்போது அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். எக்செலில் ஏற்றுபவரிடம் எண் வரும் கட்டத்தை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ ஆக்கச் சொல்லுங்கள். அப்படி ஆக்காமல் ஆண்டையும் எண்ணையும் தனித்தனிக் கட்டத்தில் அடித்தால் 0087 வெறும் 87 ஆகிவிடும்.