‘முதியோருக்கான காலணி’யை ஏன் யாரும் வாங்குவதில்லை?

கேள்வி: நடைக் காலணி விற்கிறோம். 60 வயது தாண்டியவர்களுக்கென்றே பேஸ்புக்கில் விளம்பரம் போட்டோம். நரைத்த தம்பதி சிரிக்கும் படம், ‘முதியோருக்கான காலணி’ என்று தலைப்பு. நிறையப் பேர் பார்க்கிறார்கள், யாரும் வாங்குவதில்லை. பேசாமல் நாளிதழுக்கு மாறிவிடலாமா?

பதில்: முதலில் அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள். வயதானவர்கள் பெரும்பாலும் தங்களை உண்மை வயதைவிடப் பல வருடம் இளையவர்களாகவே நினைக்கிறார்கள். 68 வயதுக்காரருக்கு ‘முதியோர்’ என்றால் தன் அம்மா ஞாபகம்தான் வரும். விளம்பரம் தனக்கில்லை என்று தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

வயதைச் சொல்லாமல் சிக்கலைச் சொல்லுங்கள்: ‘குனியாமல் மாட்டலாம், ஈரத் தரையில் வழுக்காது, கால் வீங்கினாலும் பட்டையைத் தளர்த்திக்கொள்ளலாம்.’ 1990இல் வந்த ஆக்ஸோ நிறுவனத்தின் காய்கறித் தோல் சீவி இதற்கு நல்ல உதாரணம். மூட்டுவலியால் மனைவி சிரமப்படுவதைப் பார்த்துத்தான் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சாம் ஃபார்பர் அந்தத் தடித்த ரப்பர் பிடியை யோசித்தார். ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்கான கருவி என்று விற்கவில்லை. கைக்கு வசதியான சமையல் கருவி என்று விற்றார். எல்லா வயதினரும் வாங்கினார்கள்.

அடுத்த சிக்கல், பேஸ்புக் விளம்பரத்தில் வயதுப் பிரிவு ‘65+’ என்பதோடு முடிந்துவிடுகிறது. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் 66 வயதுக்காரரும் கைத்தடி பிடிக்கும் 86 வயதுக்காரரும் ஒரே கூடையில். அதனால் உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்களில் இருபது பேருக்குப் போன் செய்யுங்கள். யாருக்காக வாங்கினார்கள், காசு கொடுத்தது யார், யாரிடம் கேட்டு முடிவு செய்தார்கள், எங்கே பார்த்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் மூன்று கூட்டம் தெரியும்: தனக்கே வாங்கும் நடைப்பயிற்சிக்காரர், கால் பிரச்சினையால் தேடி வருபவர், அப்பா அம்மாவுக்கு வாங்கும் மகனோ மகளோ. மூன்றாவது கூட்டத்துக்கு வயது நாற்பது சொச்சம். உங்கள் விளம்பரம் அவர்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

செலவு விஷயத்திலும் அப்படித்தான். ஓய்வூதியத்தில் எண்ணி எண்ணிச் செலவழிப்பவரும் உண்டு. கடனெல்லாம் அடைத்துவிட்டு நல்ல பொருளுக்குத் தாராளமாகக் கொடுப்பவரும் உண்டு. ஆன்லைனில் காலணி வாங்க இருவருக்கும் இருக்கும் தயக்கம் ஒன்றுதான், அளவு சரியில்லாவிட்டால் என்ன செய்வது? ‘வீட்டுக்குள் போட்டு நடந்து பாருங்கள், பொருந்தாவிட்டால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்’ என்ற வரியை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மூத்தோர் தள்ளுபடி இருந்தால் அதைத் தலைப்பாக்க வேண்டாம், பணம் கட்டும் இடத்தில் சொன்னால் போதும்.

சரி, நாளிதழா பேஸ்புக்கா? இப்போது கையிலிருக்கும் கணக்கை வைத்து முடிவு செய்ய முடியாது. போனில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, மகளிடம் கேட்டு, கடைக்குக் கூப்பிட்டு ஆர்டர் கொடுப்பவர் உங்கள் கணக்கில் ‘வாங்காதவர்’ என்றுதான் பதிவாவார். பேஸ்புக்குக்கு ஒரு தொலைபேசி எண், நாளிதழுக்கு வேறொரு எண் என்று கொடுத்து, சின்னத் தொகையில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரு மாதம் ஓட்டுங்கள். அழைப்பு எடுப்பவர் ‘யாருக்கு வாங்குகிறீர்கள்?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். எந்த எண்ணில் எந்தக் கூட்டம் வருகிறது என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைப் பிரியுங்கள்.