ஜூலை 1 கட்டியதற்கு ஜூன் 30 ரசீது

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். மகளுக்காகப் படம் வரையும் செயலி ஒன்றுக்கு ஜூலை 1, காலை 7.15-க்கு கிரெடிட் கார்டில் 20 டாலர் கட்டினேன். கலிபோர்னியா கம்பெனி. அவர்கள் அனுப்பிய ரசீதில் ஜூன் 30, மாலை 4.15 என்று இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மெண்டிலோ ஜூலை 3. முதலில் 84.60 வெள்ளி என்று குறுஞ்செய்தி வந்தது, இப்போது 85.35 ஏறியிருக்கிறது. கார்டை யாரும் திருடிவிட்டார்களா?

பதில்: திருட்டு மாதிரி தெரியவில்லை தம்பி. ரசீதில் நிமிடத்தைப் பாருங்கள், நீங்கள் கட்டியதும் 15, அதில் இருப்பதும் 15. மணி மட்டும் சரியாக 15 மணி நேரம் பின்னால் இருக்கிறது, கலிபோர்னியா கோடைக்காலத்தில் நம்மைவிட அவ்வளவுதான் பின்தங்கியிருக்கும் (குளிர்காலத்தில் 16). நமக்கு விடிந்தபோது அங்கே முந்தைய நாள் சாயங்காலம், அவர்கள் தங்கள் ஊர் நேரத்தை அச்சடித்துவிட்டார்கள். நிமிடமும் ஒத்துவரவில்லை என்றால்தான் நான் யோசிப்பேன்.

ஜூலை 3 வேறு கதை. நீங்கள் பட்டனை அழுத்திய நொடியில் பணம் போகவில்லை, பேங்க் "சரி, இவ்வளவு தரலாம்" என்று சம்மதம் சொல்லி அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது, அவ்வளவே. கம்பெனி அன்றைய விற்பனையை எல்லாம் மொத்தமாகச் சேர்த்துப் பிறகுதான் பணம் கேட்டு அனுப்பும், அது கார்டு நிறுவனம் வழியாக உங்கள் பேங்குக்கு வந்து கணக்கில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும், இடையில் வாரக்கடைசி வந்தால் இன்னும் கூடும். பொருள் வாங்கினால், அதை அனுப்பும் நாளில்தான் பணம் கேட்கும் கடைகளும் உண்டு.

அந்த 75 சென்னும் இப்படி வந்ததுதான். குறுஞ்செய்தியில் வந்தது அப்போதைய மதிப்பீடு. கடைசித் தொகை, கோரிக்கை வந்து சேரும் நாளின் டாலர் விலையில் போடப்படும், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கலாம். ஆகவே ஒப்பிட வேண்டியது டாலர் தொகையை, வெள்ளியை அல்ல.

பேங்க் செயலியில் சில நாள் "Pending" என்று ஒரு வரி, கணக்கில் ஏறியதாக இன்னொரு வரி என இரண்டும் தெரியும். பார்த்ததும் நெஞ்சு படபடக்கும், ஆனால் முதல் வரி தானாக விழுந்துவிடும். இரண்டு வரியும் தனித்தனித் தேதியோடு கணக்கில் ஏறி, டாலர் தொகையும் ஒன்றாக இருந்தால் கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழையுங்கள், இரண்டு வரியின் அனுமதி எண்ணையும் கேளுங்கள். ஒரே எண் என்றால் ஒரே சம்மதத்துக்கு இரண்டு முறை பிடித்திருக்கிறார்கள், ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள். நீங்கள் செய்யவே செய்யாத செலவு என்றால் உடனே கார்டை முடக்கச் சொல்லிவிட்டு மோசடிப் புகாருக்கான 997-க்கும் அழையுங்கள்.

அப்புறம், உங்கள் ஸ்டேட்மெண்ட் மாதம் 2-ஆம் தேதி மூடுகிறது என்றால், ஜூலை 1 கட்டிய இந்தப் பணம் அடுத்த மாத பில்லில்தான் வரும். அங்கே பேங்க் பார்ப்பது கணக்கில் ஏறிய தேதியை.