பேமென்ட் லிங்க் எக்ஸ்பயர் ஆன பிறகும் கஸ்டமர் பணம் வந்து சேர்ந்திருக்கிறது. எப்படி? இப்போது நான் என்ன செய்வது?

பெரும்பாலும் கஸ்டமர் கெடுவுக்குள்தான் கட்டியிருப்பார், பணம்தான் தாமதமாக வந்திருக்கும். லிங்கில் நாம் வைக்கும் நேரம் புதிதாக யாரும் கட்டத் தொடங்காமல் தடுக்கும். ஏற்கெனவே வங்கிக்குப் போய்விட்ட பேமென்ட்டை அது நிறுத்தாது.

மேற்கு மாம்பலத்தில் என் அத்தை மகள் வீட்டிலிருந்தே புடவை விற்கிறாள், கணக்கு வழக்கு நான் பார்க்கிறேன். ஆடித் தள்ளுபடியின்போது ₹2,400 சேலை ஒன்றுக்கு 8:15 வரை கெடு வைத்து லிங்க் அனுப்பினாள். வாங்குகிற அம்மா 8:14-க்கு யுபிஐ பின் போட்டார். அவருடைய வங்கி பதில் சொல்லாமல் இழுத்தது. 8:15-க்கு லிங்க் `Expired`. 8:17-க்கு அதே சேலையை வேறொருவர் வாங்கிவிட்டார். 8:21-க்கு பழைய பேமென்ட் `Captured` என்று வந்து நிற்கிறது. சேலை ஒன்று, பணம் கட்டியவர்கள் இரண்டு பேர்!

இப்படி வந்தால் லிங்கின் நிலையைப் பார்க்காதீர்கள். டேஷ்போர்டில் அந்த பேமென்ட்டைத் திறந்து, அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பாருங்கள். கெடுவுக்கு முன் என்றால் கஸ்டமர் மேல் தப்பே இல்லை. பொருள் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

பொருள் இல்லையென்றால் அதே பேமென்ட்டிலிருந்து ரீஃபண்ட் போடுங்கள். அவசரத்தில் உங்கள் சொந்த யுபிஐயிலிருந்து அனுப்பிவிடாதீர்கள். அது லிங்கை நடத்தும் பேமென்ட் கேட்வேக்குத் தெரியாது. அவர் வங்கியில் புகாரும் கொடுத்திருந்தால் பணம் இரண்டு தடவை போய்விடும். பேமென்ட்டின் நிலை இன்னும் `Authorized` என்றுதான், அதாவது வங்கி ஒப்புதல் தந்தும் நீங்கள் பணத்தை எடுத்துக்கொள்ளாத நிலையில்தான், இருக்கிறதா? அப்படியானால் கேப்சர் செய்யாமல் விடுங்கள், கேட்வே வைத்திருக்கும் கெடு முடிந்ததும் பணம் தானாகத் திரும்பும்.

கடைக்காரருக்கு உறுதிச் செய்தி வராமல் கஸ்டமர் கணக்கில் மட்டும் யுபிஐ பணம் கழிந்திருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு ₹100 இழப்பீடு. உங்களுக்குப் பணம் வந்து ஏறிவிட்டது என்பதால் அந்த விதியைக் காட்டிக் காத்திருக்க முடியாது. திருப்பித் தர வேண்டியவர் நீங்கள்தான்.

கியூஆர் என்றால் கதை வேறு. யுபிஐ ஐடியும் தொகையும் மட்டும் வைத்து நீங்களே உருவாக்கிய கியூஆரில், திரையில் ஓடும் பத்து நிமிடக் கடிகாரம் உங்கள் பக்கத்தில் மட்டும்தான் ஓடுகிறது. கஸ்டமரின் ஆப்புக்கு அது தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுநாள் ஸ்கேன் செய்தாலும் பணம் ஏறும். கேட்வே ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாகத் தரும் கியூஆரை எடுத்துக்கொண்டு, மூடிய பிறகு வரும் பணத்தை என்ன செய்வார்கள் என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

அத்தை மகள் இப்போது லிங்க் முடிந்த பிறகும் கால் மணி நேரம் சேலையை எடுத்து வைக்கிறாள். அதற்குள் பணம் வரவில்லையென்றால்தான் அடுத்தவருக்குக் காட்டுவாள்.